சுவரைத் துளைக்கும் பந்து

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டர்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் நேரத்தைக் கழித்தவர்களுக்கு ‘ஸ்பேஸ் கேடட்’ என்ற பின்பால் விளையாட்டு நினைவிருக்கும். Z விசையை அழுத்தினால் இடது ஃபிளிப்பர், / விசையை அழுத்தினால் வலது ஃபிளிப்பர், ஸ்பேஸ் பாரைப் பிடித்து விட்டால் பந்து மேலே பாயும். சினிமாட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, மேக்ஸிஸ் 1995-இல் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்! பின்பால்’ என்ற தொகுப்பின் ஒரு மேசைதான் அது. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கித் தன் விண்டோஸுடன் சேர்த்துக் கொடுத்தது.

விஸ்டாவில் அந்த விளையாட்டு காணாமல் போனது. காரணத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதினார். நிரலை 64 பிட் கணினிக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோத மறுத்தது. விளையாட்டைத் தொடங்கியதும் பந்து ஏவுதளத்துக்கு வரும். அங்கே நிற்காமல் மெல்லக் கீழிறங்கி, அதைத் தள்ள வேண்டிய உலக்கையையே ஊடுருவி, மேசைக்கு வெளியே போய்விடும். வெளி நிறுவனம் எழுதிய பழைய நிரல், குறிப்புகளும் கிடையாது. இருவர் உட்கார்ந்து பார்த்தும் எங்கே தவறு என்று பிடிபடவில்லை. அதனால் விளையாட்டையே எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குறிப்பிட்ட பிழையின் வேர் எதுவாகவும் இருக்கட்டும். பின்பால் நிரல் எழுத உட்காரும் எவரும் முதல் நாளே இதே காட்சியைப் பார்த்துவிடுவார்கள்: பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால் ஃபிளிப்பர், பம்பர், வேக வரம்பு, சிக்கிக்கொள்ளும் பந்து எல்லாவற்றுக்கும் ஒரே நூல் கிடைத்துவிடும்.

முதலில் நிஜ மேசை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மரப்பலகை சுமார் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். பின்பக்கம் சற்றே உயர்த்தி, பொதுவாக 6.5 டிகிரி சாய்வில் வைப்பார்கள். பந்து எஃகு, விட்டம் 27 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 80 கிராம். இவ்வளவு சிறிய சாய்வில் புவியீர்ப்பின் ஒன்பதில் ஒரு பங்குதான் பந்தைக் கீழே இழுக்கிறது. அதிலும் ஒரு பகுதி பந்தைச் சுழற்றவே செலவாகிறது. உருளும் திண்மக் கோளம் என்பதால் ஏழில் ஐந்து பங்குதான் அதை முன்னே நகர்த்தும். கணக்குப் போட்டால் பந்தின் வேகம் நொடிக்கு நொடி 0.8 மீட்டர் மட்டுமே கூடுகிறது. மேலிருந்து எதிலும் மோதாமல் உருண்டு வந்தால் கீழே சேர ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். அப்போது அதன் வேகம் நொடிக்கு 1.26 மீட்டர், அதாவது நாம் சாவகாசமாக நடக்கும் வேகம்.

சாய்வு இவ்வளவு சாதுவாக இருப்பதால்தான் விளையாட முடிகிறது. பின்பாலில் நாம் பார்க்கும் அவசரம் முழுவதும் மேசையில் பூட்டிய காயில்கள் கொடுப்பது. மின்சாரம் பாய்ந்ததும் காயிலுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு உள்ளே இழுக்கப்படும். அந்த இழுப்பு ஃபிளிப்பரைத் தூக்கும் அல்லது பம்பர் வளையத்தைக் கீழே இறக்கும். ஃபிளிப்பரே பிறகு வந்ததுதான். 1947-இல் காட்லீப் நிறுவனத்துக்காக ஹாரி மேப்ஸ் வடிவமைத்த ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் அது அறிமுகமானது. அதற்கு முன்பு ஆடியவர்கள் மேசையைத் தட்டியும் இடித்தும்தான் பந்தைத் திருப்பினார்கள்.

இனி கணினிக்கு வருவோம். நிஜப் பந்து இடைவிடாமல் நகர்கிறது. கணினிப் பந்து தாவித் தாவி நகர்கிறது. திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது என்றால், பலரும் முதல் முயற்சியில் பந்தையும் நொடிக்கு 60 முறை நகர்த்துவார்கள். ஒவ்வொரு முறையும் பந்தைப் புது இடத்தில் வைத்து, ஏதாவது சுவரில் முட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தானாக உருண்டு வரும் பந்து ஒரு தாவலில் 21 மில்லிமீட்டர் போகும். ஃபிளிப்பர் ஓங்கி அடித்து நொடிக்கு 5 மீட்டரில் பறக்கும் பந்து ஒரு தாவலில் 83 மில்லிமீட்டர் போகும். தன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு! நடுவில் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ரப்பர் சுவர் இருந்தால், ஒரு கணம் பந்து அதற்கு இந்தப் பக்கம், அடுத்த கணம் அந்தப் பக்கம். இரண்டு கணத்திலும் அது சுவரைத் தொட்டிருக்கவில்லை. நிரலைப் பொறுத்தவரை மோதலே நடக்கவில்லை.

முழுதாகத் தாண்டாமல் பாதி தாண்டினாலும் தொல்லைதான். பந்தின் மையம் சுவர்க் கோட்டைக் கடந்துவிட்டால், பந்து அந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியதாக நிரல் முடிவு செய்துவிடும்; அந்தப் பக்கமே அதை வெளியே தள்ளும். ஆகவே பாதுகாப்பான விதி இது: ஒரு தாவலில் பந்து தன் ஆரத்தைவிட அதிக தூரம் போகக் கூடாது. ஆரம் 13.5 மில்லிமீட்டர். நொடிக்கு 60 தாவல் என்றால் அனுமதிக்கத்தக்க உச்ச வேகம் நொடிக்கு 0.81 மீட்டர். சும்மா உருண்டு வரும் பந்தே 1.26 மீட்டரைத் தொடுகிறதே! வேக வரம்பை வைத்து மட்டும் இதைச் சரிக்கட்டப் பார்த்தால், விளையாட்டு எண்ணெயில் மூழ்கிய பந்து போல ஊரும்.

வழி, காலத்தை இன்னும் பொடியாக நறுக்குவது. திரை 60 முறை மாறட்டும். உள்ளே இயற்பியல் கணக்கு நொடிக்கு ஆயிரம் முறை நடக்கட்டும். அப்போது அதே விதி நொடிக்கு 13.5 மீட்டர் வரை இடம் கொடுக்கும். நொடிக்கு 5 மீட்டர் பந்து ஒரு தாவலில் 5 மில்லிமீட்டர்தான் நகரும். 2000-ஆம் ஆண்டில் ராண்டி டேவிஸ் வெளியிட்டு, ஆர்வலர்கள் இன்றும் வளர்த்துவரும் ‘விஷுவல் பின்பால்’ மென்பொருள் இப்படித்தான் ஒரு மில்லிநொடி அடியில் கணக்குப் போடுகிறது. இதோடு பந்து எந்த நொடித்துகளில் சுவரைத் தொடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த இடம் வரை மட்டும் நகர்த்தும் முறையும் உண்டு. பந்து ஒரு வட்டம், சுவர் ஒரு கோடு என்றால் அந்தக் கணக்கு எளிது. ஃபிளிப்பர் போல மோதும் பொருளும் நகர்ந்துகொண்டிருந்தால் அவ்வளவு எளிதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயற்பியல் கணக்கின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடவே கூடாது. ஸ்பேஸ் கேடட் பற்றி இன்னொரு கதையும் சென் சொல்லியிருக்கிறார். கணினியால் எவ்வளவு வேகமாக வரைய முடியுமோ அவ்வளவு வேகமாக அந்த விளையாட்டு வரைந்துகொண்டே இருக்கும். பழைய கணினியில் இது தெரியவில்லை. புதிய கணினிகள் வந்ததும் ஒரு விளையாட்டே செயலியை முழுதாக விழுங்க ஆரம்பித்தது. நொடிக்கு 100 பிரேமுக்கு மேல் வரையாதே என்று அவர் ஒரு தடை வைத்தார். செயலியின் சுமை ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த விளையாட்டில் பாழானது செயலியின் நேரம் மட்டும்தான். பந்தின் வேகமும் பிரேம் எண்ணிக்கையை நம்பியிருக்கும் நிரல்களில், நல்ல கணினி வாங்கியவரின் பந்து வேகமாக ஓடும்.

அடுத்தது துள்ளல். பந்து ரப்பரில் பட்டுத் திரும்பும்போது வந்த வேகத்தில் எவ்வளவு பங்கு மிஞ்சுகிறது என்பதை ஒரு எண்ணால் குறிக்கிறோம். 0.6 என்றால் பத்தில் ஆறு பங்கு. இந்த எண் சுவருக்கு நேர்க்குத்தாக வரும் வேகத்துக்குத்தான். சுவரை ஒட்டிச் செல்லும் வேகம் உராய்வால் சிறிதளவே குறையும். கேரம் பலகையின் ஓரச்சட்டத்தில் ஸ்ட்ரைக்கர் சாய்வாகப் பட்டுத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை கையிலேயே தெரியும். இன்னொரு நுணுக்கம், நிஜ ரப்பரில் இந்த எண் நிலையாக இருப்பதில்லை. மெதுவாகப் பட்டால் நன்றாகத் துள்ளும். ஓங்கிப் பட்டால் ரப்பர் அதிகம் நசுங்கி அதிக ஆற்றலை விழுங்கிவிடும். அதனால் விஷுவல் பின்பாலில் ஒவ்வொரு பொருளுக்கும் துள்ளல் எண்ணோடு, வேகம் கூடக்கூட அந்த எண் எவ்வளவு சரிய வேண்டும் என்றும் தனியாகக் கொடுக்கிறார்கள். அதைச் சுழியாக விட்ட மேசைகளை ஆடிப் பார்த்தாலே தெரியும்: பலமான அடிக்குப் பிறகு பந்து ரப்பர் பந்து போலக் கும்மாளம் போடும். எஃகுக் குண்டின் கனம் அதில் இருக்காது.

ஃபிளிப்பரில்தான் பெரும்பாலான நிரல்கள் தடுமாறுகின்றன. ஒரு ஃபிளிப்பர் 7.5 சென்டிமீட்டர் நீளம், 50 டிகிரி வீச்சு, அதை முடிக்க 20 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். 60 பிரேம் கணக்கில் ஒரு தாவலுக்கு 16.7 மில்லிநொடி. அதாவது ஃபிளிப்பர் கீழே இருந்தது ஒரு பிரேமில், அநேகமாக உச்சியில் இருக்கிறது அடுத்த பிரேமில். நடுவில் பந்து இருந்திருந்தால் அது இப்போது ஃபிளிப்பருக்கு அடியில் இருக்கும்; நேராக ஓட்டையில் விழும். ஆடுபவர் சரியான நேரத்தில்தான் அழுத்தினார். பந்து வந்ததையும் கண்ணால் பார்த்தார். இருந்தும் பந்து போய்விட்டது. விளையாட்டை மூடிவிட்டு எழுந்து போகவைக்க இது ஒன்றே போதும். ஆயிரம் அடிக் கணக்கில் அதே வீச்சு இருபது துண்டாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் இரண்டரை டிகிரி. முனை நகர்வது 3 மில்லிமீட்டர் சொச்சம். பந்து தப்பவே முடியாது.

பந்து தொட்டுவிட்டது என்று கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. ஃபிளிப்பரை ஒரு சாய்ந்த சுவராக மட்டும் பார்த்துப் பந்தைத் திருப்பினால் என்ன ஆகும்? நொடிக்கு ஒரு மீட்டரில் நேராக வந்த பந்து 0.6 மீட்டரில் திரும்பும். அந்த வேகம் சாய்வில் 23 சென்டிமீட்டர் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். ஃபிளிப்பர் ஓடுகிறது, படத்தில் அழகாக அசைகிறது, அடியில் மட்டும் உயிரில்லை. விட்டுப்போனது ஃபிளிப்பரின் சொந்த வேகம். 50 டிகிரியை 20 மில்லிநொடியில் சுற்றும் ஃபிளிப்பரின் முனை சராசரியாக நொடிக்கு 3.3 மீட்டரில் நகர்கிறது, அச்சிலிருந்து 2.5 சென்டிமீட்டர் தள்ளியுள்ள இடம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 1.1 மீட்டரில் நகர்கிறது.

இப்போது அதே பந்து முனையில் படட்டும். கீழ்நோக்கி ஒரு மீட்டர், மேல்நோக்கி 3.3 மீட்டர், இரண்டும் நெருங்கும் வேகம் 4.3. அதில் பத்தில் ஆறு பங்கு 2.58. அதை ஃபிளிப்பரின் 3.3-உடன் கூட்டினால் 5.88. பந்து நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் சீறிப் போகும். அச்சுக்கு அருகே பட்டிருந்தால் 2.36 மீட்டர்தான். ஒரே பொத்தான், ஒரே அழுத்தம், இரண்டரை மடங்கு வித்தியாசம். திசையும் மாறும். முனையில் இருக்கும் பந்து வீச்சின் தொடக்கத்திலேயே பிய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நோக்கிக் குறுக்கே போகும். அடியில் இருக்கும் பந்து சற்று நேரம் ஃபிளிப்பரோடு ஒட்டிக்கொண்டு மேலேறி, நேராகவோ அதே பக்கமாகவோ போகும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தை உயர்த்திய ஃபிளிப்பரில் நிறுத்தி, பிறகு விட்டு, எந்த இடம் வரும்போது அடிப்பது என்று காத்திருப்பது இதற்காகத்தான். நிரலில் இந்த ஒரு பெருக்கல், அதாவது சுழல் வேகம் பெருக்கல் அச்சிலிருந்து தூரம், இல்லாவிட்டால் அந்தக் கலை முழுவதும் போய்விடும்.

மோதலின் இதயப் பகுதியை நான்கு வரியில் எழுதிவிடலாம். `n` என்பது மோதும் பரப்பிலிருந்து வெளியே பார்க்கும் திசை. `surfaceV` என்பது தொட்ட இடத்தில் அந்தப் பரப்பின் வேகம், நிற்கும் சுவருக்குச் சுழி.

```
vn = dot(v - surfaceV, n)
if vn < 0:
    e = 0 if -vn < 0.15 else 0.6
    v = v - (1 + e) * vn * n
```

இரண்டாவது வரி சிறியது. அதை விட்டவர்கள் பட்ட பாடு பெரியது. பந்தும் பரப்பும் ஒன்றையொன்று நெருங்கும்போது மட்டுமே துள்ளல் என்கிறது அது. மோதிய பின் அடுத்த மில்லிநொடியிலும் பந்து சுவரைச் சற்றே தொட்டுக்கொண்டிருக்கலாம். அந்த நிபந்தனை இல்லையென்றால் விலகிப் போகும் பந்தின் வேகத்தை நிரல் மீண்டும் திருப்பிச் சுவருக்குள்ளேயே அனுப்பும். பந்து அங்கேயே நடுங்கிக்கொண்டு கிடக்கும். மூன்றாவது வரியைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் கணக்கு ஃபிளிப்பரை மலை போல அசையாத கனமாக நினைக்கிறது. நிஜத்தில் பந்தின் அடி ஃபிளிப்பரையும் சற்றுத் தளர்த்தும். அதைவிட முக்கியம், ஃபிளிப்பர் உச்சிக்குப் போனபின் அதன் பலம் ஒன்றாக இருப்பதில்லை. பழைய இயந்திரங்களில் ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுக் கம்பிகள் இருக்கும். ஒன்று தடித்தது, ஏராளமான மின்சாரம் இழுத்துத் தூக்கும். மற்றது மெல்லியது, தூக்கியதைப் பிடித்து வைக்க மட்டும். வீச்சின் கடைசியில் ஒரு சிறு சுவிட்ச் திறந்து தடித்த கம்பிக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கும். அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனால், பொத்தானைப் பிடித்துக்கொண்டே நிற்பவரின் கையடியில் காயில் கருகிவிடும். நிரலிலும் தூக்கும் பலம், பிடிக்கும் பலம் என்று பிரித்து வைத்தால், உயர்த்திய ஃபிளிப்பரில் வேகமாக வந்து விழும் பந்து நிஜத்தில் போலவே சற்று அமுங்கி நிற்கும்.

பம்பர் வேறு ஜாதி. 1936-இல் பாலி நிறுவனத்தின் ‘பம்பர்’ விளையாட்டில் வந்த முதல் பம்பர்கள் வெறும் சுருள்வில்கள். பந்து பட்டால் மதிப்பெண் ஏறும், அவ்வளவுதான். தானே உதைக்கும் காளான் பம்பர் நாற்பதுகளின் இறுதியில் வந்தது. அதைக் கழற்றிப் பார்த்தால் எளிமையான சாமர்த்தியம். காளானைச் சுற்றி வட்டமான ஒரு பிளாஸ்டிக் பாவாடை, அதற்கு நடுவே கீழ்நோக்கி ஒரு தண்டு. பந்து பாவாடையின் விளிம்பில் ஏறியதும் அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடித்தண்டு ஒரு கரண்டி வடிவத் தகட்டைத் தள்ளி சுவிட்சை மூடும். உடனே காயில் மேலிருக்கும் உலோக வளையத்தைக் கீழே இழுக்கும். வளையத்தின் அடிப்பக்கம் சரிவாக இருப்பதால், அதற்கும் பாவாடைக்கும் நடுவில் சிக்கிய பந்து பிதுங்கி வெளியே பாயும். எங்கிருந்து வந்தாலும் உதை மையத்திலிருந்து நேர் வெளியே. வந்த பந்து ஊர்ந்து வந்ததா ஓடி வந்ததா என்பது உதையின் பலத்தைப் பெரிதாக மாற்றாது.

இதை நிரலில் எழுதும்போது பலரும் எடுக்கும் குறுக்குவழி, துள்ளல் எண்ணை ஒன்றுக்கு மேல் வைப்பது. 1.2 என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வேகம் இருபது சதவீதம் கூடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு பம்பர் இருக்கும் வரை. மூன்று பம்பர்களை முக்கோணமாக நெருக்கி வைத்தால் பந்து நடுவில் பத்து முறை படும். வேகம் ஆறு மடங்கு. இருபது முறை பட்டால் 38 மடங்கு. நொடிக்கு ஒரு மீட்டரில் நுழைந்த பந்து 38 மீட்டரில் பறக்கிறது. நாம் பாதுகாப்பாகக் கணக்கிட்ட 13.5 மீட்டர் எல்லை எப்போதோ போய்விட்டது. பந்து மேசையை விட்டே வெளியேறிவிடும்.

நிஜ பம்பர் செய்வதையே நிரலும் செய்தால் இந்த வம்பில்லை. வெளிநோக்கிய வேகம் இத்தனைக்குக் குறைந்திருந்தால் அதை இத்தனையாக்கு. ஏற்கெனவே அதிகமிருந்தால் சாதாரண ரப்பர் போலத் திருப்பு. உதை வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று வைத்தால், எத்தனை பம்பருக்கு நடுவில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் பந்து அந்த அளவிலேயே சுழலும். கூடவே, காயில் வளையத்தை இழுத்து மீண்டும் மேலே விட நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு உதைக்குப் பின் சில பத்து மில்லிநொடிகள் அந்த பம்பர் தூங்கட்டும். ஃபிளிப்பருக்கு மேலே இரு பக்கமும் முக்கோணமாக இருக்கும் ஸ்லிங்ஷாட்டுக்கு இன்னொரு நிபந்தனை வேண்டும். அதன் ரப்பருக்குப் பின்னால் தகட்டுச் சுவிட்சுகள் இருக்கின்றன. ரப்பர் போதிய அளவு அமுங்கினால்தான் அவை மூடும். உரசிக்கொண்டு போகும் பந்தையெல்லாம் உதைக்கும் ஸ்லிங்ஷாட், நிஜ மேசையிலும் சரி, கணினியிலும் சரி, சுவிட்சு இடைவெளி தவறான ஸ்லிங்ஷாட்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வேக வரம்பு வேண்டுமா? வேண்டும். ஃபிளிப்பர் அடித்த அதே மில்லிநொடியில் பந்து இன்னொரு ரப்பரிலும் பட்டால் எதிர்பாராத கூட்டல் நடக்கலாம். என் கணக்கில் இந்த மேசைக்கு 8 மீட்டர் நல்ல உச்சம். முனையடி கொடுக்கும் 5.88-க்கு மேலே, ஆபத்தான 13.5-க்கு நன்றாகக் கீழே. வேகத்தை வெட்டும்போது திசை மாறாமல் இரண்டு பாகத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். குறுக்கு வேகத்தையும் நெடுக்கு வேகத்தையும் தனித்தனியே 8-இல் வெட்டினால், வேகமான பந்துகள் எல்லாம் 45 டிகிரிக் கோணத்தை நோக்கித் திரும்ப ஆரம்பிக்கும். வரம்பைத் தாழ்வாக வைத்தாலும் ஆடுபவர் கண்டுபிடித்துவிடுவார்: முனையில் அடித்தாலும் நடுவில் அடித்தாலும் பந்து ஒரே வேகத்தில் போகிறதே என்பார். வரம்பு எத்தனை முறை குறுக்கிடுகிறது என்று எண்ணிக்கொண்டே வருவது நல்லது. ஓர் ஆட்டத்தில் ஒரு தடவை என்றால் சரி. நிமிடத்துக்குப் பத்து முறை என்றால் எங்கோ ஒரு மோதல் ஆற்றலைக் கள்ள நோட்டாக அச்சடிக்கிறது; வரம்பு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, சிக்கிக்கொள்ளும் பந்து. நிஜ மேசையில் இது நடப்பது இரண்டு தூணுக்கு நடுவில், தளர்ந்த ரப்பரின் மடிப்பில், அல்லது சாய்வு போதாத ஒரு விளிம்பில். இயந்திரம் அதைத் தானே கண்டுபிடிக்கும். எந்தச் சுவிட்சும் சுமார் பதினைந்து நொடி மூடவில்லை என்றால், பந்து எங்கோ மாட்டியிருக்கிறது என்று முடிவு செய்து பம்பர், ஸ்லிங்ஷாட் என்று காயில்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்க்கும். ஆடாத நேரத்தில் கடகடவென்று மேசை தானே தட்டிக்கொள்வதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. பந்து கிடைக்காவிட்டால் சில சுற்றுக்குப் பின் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வேறு பந்து தரும் இயந்திரங்களும் இருக்கின்றன.

கணினி மேசையில் சிக்கல் வேறு மாதிரி. நிஜத்தில் தூசு இருக்கிறது, மரம் கொஞ்சம் கோணல், ரப்பர் ஓரிடத்தில் தேய்ந்திருக்கும். அதனால் ஒரு தூணின் உச்சியில் பந்து சமநிலையில் நிற்பது அபூர்வம். கணினியில் எல்லாம் துல்லியம். தூணுக்கு நேர் மேலிருந்து விழுந்த பந்து நேர் மேலேயே துள்ளி, நேர் கீழேயே விழுந்து, கடைசியில் அதன் உச்சியில் அமர்ந்துவிடும். எதிரெதிரே இருக்கும் இரண்டு பம்பர்களுக்கு நடுவில் நேர்கோட்டில் மாட்டினால் இன்னும் மோசம். அவை உதைத்துக்கொண்டே இருக்கும், பந்து விடியும் வரை போய் வந்துகொண்டே மதிப்பெண்ணை அள்ளும். இதற்கு மருந்து, ஒவ்வொரு மோதலிலும் திரும்பும் திசையை ஒரு டிகிரிக்குள் இப்படியும் அப்படியும் தற்செயலாகச் சிதறடிப்பது. ஆடுபவருக்கு இது தெரியாது. நேர்கோட்டு ஊசலாட்டம் நாலைந்து முறையில் கலைந்துவிடும்.

அந்த மூன்றாவது வரிக்கு இப்போது வரலாம். ஃபிளிப்பர் மேல் ஓய்ந்து நிற்கும் பந்தைப் புவியீர்ப்பு ஒவ்வொரு மில்லிநொடியும் சற்றே உள்ளே அழுத்துகிறது; மோதல் கணக்கு சற்றே வெளியே தள்ளுகிறது. துள்ளல் எண்ணை அப்படியே விட்டால் பந்து மிக நுண்ணிய துள்ளல்களை விடாமல் போடும். திரையில் அது மெல்லிய நடுக்கமாகத் தெரியும். நொடிக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறைவான மோதலில் துள்ளலே வேண்டாம் என்று சொன்னால் பந்து அமைதியாக உருளும். அந்த எல்லையை ரொம்ப உயர்த்தினால் பந்து மாவில் விழுந்தது போல ஒட்டும். ஆடிப் பார்த்துத்தான் நிறுத்த இடம் தெரியும்.

பந்து சிக்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? வேகம் சுழியா என்று மட்டும் பார்க்கும் நிரல் உடனே தவறு செய்யும். உயர்த்திய ஃபிளிப்பரில் பந்தை நிறுத்தி வைத்திருக்கும் ஆட்டக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் பந்தைத் தட்டிவிட்டால் திட்டுவார். மேல்நோக்கி எறிந்த பந்தும் உச்சியில் ஒரு கணம் நிற்கத்தான் செய்யும். நிஜ இயந்திரங்களிலும் ஃபிளிப்பர் பொத்தான் பிடிக்கப்பட்டிருந்தாலோ பந்து ஏவுதளத்தில் இருந்தாலோ தேடல் தொடங்குவதில்லை. ஆகவே இப்படிக் கேட்க வேண்டும்: கடந்த நான்கு நொடியாகப் பந்து இரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா, பொத்தான் எதுவும் அழுத்தப்படவில்லையா, ஏவுதளத்தில் இல்லையா? மூன்றுக்கும் ஆம் என்றால், தற்செயலான திசையில் நொடிக்கு அரை மீட்டர் அளவுக்கு ஒரு சிறு தட்டு. மூன்று தட்டுக்கும் அசையவில்லை என்றால் பந்தை எடுத்து மீண்டும் ஏவுதளத்தில் வை. ஆடுபவரின் கணக்கில் பந்தைக் குறைக்காதே. பந்தின் மையம் மேசை எல்லைக்கு வெளியே இருந்தாலும் இதே தீர்ப்பு, அங்கே காத்திருக்கவே தேவையில்லை.

இந்தத் தட்டு ஒரு முதலுதவிதான். நோய் எங்கே என்று பார்க்க எளிய வழி உண்டு. படம் வரைவதை அணைத்துவிட்டு, ஃபிளிப்பர்களைத் தற்செயலாக அடிக்கவிட்டு, மேசையை இரவு முழுக்கத் தானே ஆடவிட வேண்டும். வரைதல் இல்லாததால் கணினி மணிக்கணக்கான ஆட்டத்தை நிமிடங்களில் ஓட்டிவிடும். தட்டு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வைத்து, காலையில் மேசைப் படத்தின் மேல் பார்த்தால், புள்ளிகள் அங்கங்கே சிதறியிருக்கும். ஓரிரு இடத்தில் மட்டும் எறும்புப் புற்று போலக் குவிந்திருக்கும். பெரும்பாலும் அது கிடைமட்டமாக வரைந்துவிட்ட ஒரு சுவரின் மேற்பக்கம், அல்லது இடைவெளி 27 மில்லிமீட்டருக்கு ஒரு நூல் குறைவாக இருக்கும் இரண்டு தூண்கள். சுவரை நாலு டிகிரி சாய்த்து, தூணை அரை சென்டிமீட்டர் நகர்த்தி, மறுபடி ஓடவிட வேண்டும்.